வெயில் காலத்தில் திரும்பாத மணல்

"மீனவர் ஒருவரின் மகள், ஒவ்வொரு புயல் பருவம் முடிந்ததும் கரை இடம் மாறியிருப்பதைக் கவனிக்கிறாள் என்று ஒரு சிறுகதை எழுதுகிறேன். நான் கடலோர ஊர்க்காரன் இல்லை. அவள் கண்ணுக்கு என்ன தெரியும், எப்படிக் கண்டுபிடிப்பாள், எந்த ஊரில் நடத்தினால் பொருந்தும்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்."

புயலுக்குப் பிறகு கரை உள்ளே வந்துவிடும் என்பது குப்பத்தில் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். மார்கழியில் கரை சுருங்கும், வெயில் ஏற ஏற மணல் திரும்பி வரும், ஆடியில் மறுபடி அகலமாகக் கிடக்கும். அதை மட்டும் உங்கள் பெண் கவனித்தாள் என்று எழுதினால், கடலோரத்தில் வளர்ந்த வாசகர் "இதிலென்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். எனவே கண்டுபிடிப்பை வேறு இடத்தில் வையுங்கள். புயல் எவ்வளவு எடுத்தது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெயில் காலம் எவ்வளவு திருப்பிக் கொடுத்தது என்று அவள் ஒருத்தி பார்க்கிறாள். கதை முழுக்க இந்த ஒரு திருப்பத்தில் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான சாமான்கள்.

இடத்துக்கு என் தேர்வு புதுச்சேரிக்கு வடக்கே உள்ள கரை. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், அதற்கும் வடக்கே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச்சேரி நகரம் முடிந்ததும் கொஞ்ச தூரம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பிறகு மறுபடி புதுச்சேரி. மணலுக்கு இந்த எல்லை தெரியாது, ஆனால் கல் கொட்டும் அரசாங்கங்களுக்குத் தெரியும். உங்கள் கதையில் மனு எழுதும் காட்சி வந்தால் இது உதவும். ஊருக்குப் பெயர் வைக்காமல், "கோட்டக்குப்பத்துக்கு வடக்கே ஒரு குப்பம்" என்றே விட்டுவிடலாம்.

ஏன் இந்தக் கரை? காரணம் தெளிவாகத் தெரிந்த இடம் இது. அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். கொஞ்சம் சாய்ந்துதான் வரும். சாய்ந்து வந்த அலை மணலைச் சாய்வாக மேலே ஏற்றுகிறது, திரும்பும் தண்ணீர் நேராக இறங்குகிறது. இப்படி ஏறி இறங்கி ஒவ்வொரு மணலும் கரையோரமாகவே நடந்துகொண்டிருக்கும். சோழமண்டலக் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலை தெற்கிலிருந்து சாய்ந்து வருவதால் மணல் வடக்கே போகிறது. வாடைக் காலத்து மூன்று நான்கு மாதங்களில் வடக்கிலிருந்து சாய்ந்து வருவதால் தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். ஒரு லட்சம் கன மீட்டர் என்றால் பத்தாயிரம் லாரி லோடுக்குக் குறையாது.

இந்த நடையின் குறுக்கே 1980களின் கடைசியில் கல் வைத்தார்கள். அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் புதுச்சேரி துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் வந்து சேர்ந்துகொண்டே போனது. வடக்கே நகரத்துக் கடற்கரையில் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. காந்தி சிலைக்கு எதிரே இருந்த மணல் சில ஆண்டுகளில் காணாமல் போய் அந்த இடத்தில் கருங்கல் கொட்டினார்கள். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்த ஏற்பாடுதான். அது தொடர்ந்து நடக்கவில்லை. கொட்டிய கல் அதன் பின்னால் இருக்கும் சாலையைக் காப்பாற்றும், மணலைக் கொண்டுவராது. கல் முடியும் இடத்தில் அடுத்த ஊரின் அரிப்பு தொடங்கும். இப்படித்தான் பசி நகரத்திலிருந்து வடக்கே குப்பம் குப்பமாக நகர்ந்தது.

இனி பெண்ணுக்கு வருகிறேன். கலையரசி என்று வைத்துக்கொள்வோம். 2007இல் பத்து வயசு, ஐந்தாம் வகுப்பு. மகன் இல்லாமல் மகள் என்று நீங்கள் எடுத்தது நல்ல முடிவு, அதற்குக் காரணத்தையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். குப்பத்தில் ஆண்களின் பார்வை கடலைப் பார்த்தது: காற்று எந்தப் பக்கம், தண்ணி கலங்கியிருக்கிறதா, பறவை எங்கே இறங்குகிறது. கரை பெண்களின் இடம். மீன் ஏலம், பங்கு பிரிப்பது, கருவாடு காயப்போடுவது எல்லாம் அங்கேதான். கரை ஒரு பாகம் குறைந்தால் அவளுடைய அம்மாவுக்கு நெத்திலி காயப்போட ஒரு பாய் இடம் குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை அங்கே தொடங்கும். "போன வருஷம் இங்கதானடி நான் போட்டேன்" என்ற சண்டைதான் கலையரசிக்கு முதல் தடயம். இதை அறிவியல் ஆர்வத்தில் தொடங்கினாள் என்று எழுதாதீர்கள். அம்மா சொன்னது உண்மையா, பக்கத்து வீட்டு அத்தை சொன்னது உண்மையா என்று பார்க்கவே அவள் கயிற்றை எடுக்கட்டும்.

அளவை எதிலிருந்து எதுவரை? இந்தக் கேள்வியை நீங்கள் தாண்டிப் போனால் கதை இங்கேதான் ஓட்டையாகும். தண்ணீர் விளிம்புவரை அளந்தால் ஏமாந்துபோவாள். இந்தப் பக்கம் ஏற்ற இறக்கம் குறைவு, பௌர்ணமி அமாவாசையில் கூட மூன்றடி அளவுக்குத்தான். ஆனால் கரை பத்தடிக்கு ஓரடி சரிவாக இருந்தால், தண்ணீர் ஓரடி ஏறினாலே விளிம்பு பத்தடி உள்ளே வந்துவிடும். காலையில் அளந்தால் ஒன்று, மதியம் அளந்தால் இன்னொன்று. இதற்கு மேல் இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில் கடல் மட்டமே மாதத்துக்கு மாதம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் பங்குனியைவிட ஏறக்குறைய ஓரடி உயர்ந்து நிற்கும், புயலே இல்லாத ஆண்டிலும். எனவே கார்த்திகையையும் பங்குனியையும் ஒப்பிட்டால் மணல் அசையாமலே கரை சுருங்கியதாகத் தெரியும்.

அவளுக்கு இவ்வளவும் தெரிய வேண்டியதில்லை. தப்பாக அளந்து, குழம்பி, ஆயாவிடம் போகட்டும். ஆயா வழி சொல்வாள்: "தண்ணியப் பாக்காதடி, அது நிமிசத்துக்கு ஒண்ணு சொல்லும். கடல் கடைசியா குப்பைய ஒதுக்கிட்டுப் போன வரியப் பாரு. அமாவாச அன்னிக்கிப் பாரு." உயர்ந்த அலை கடைசியாகத் தொட்ட இடத்தில் பாசி, சிப்பி, தக்கைத் துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கும். அமாவாசைக்கு அமாவாசை அந்த வரியை அளந்தால் ஏற்ற இறக்கம் ஓரளவு சமமாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு அமாவாசை போதும். புரட்டாசியில் மகாளய அமாவாசை, அதாவது தென்பக்கத்துக் காற்று முடிந்து, புயல் தொடங்குவதற்கு முன். தை அமாவாசை, அதாவது புயலெல்லாம் ஓய்ந்த பின். இரண்டு நாளும் ஊர்க்காரர்கள் தர்ப்பணம் கொடுக்கக் கடலுக்கு வருவதால் மறக்கவும் மறக்காது. ஒரு வருடத்துப் புரட்டாசியை அடுத்த வருடத்துப் புரட்டாசியோடு ஒப்பிட்டால் கடல் மட்டம் ஏறுவதும் கழிந்துவிடும்.

அளவு தொடங்கும் நிலத்துப் பக்க முனைக்கு அசையாத ஒரு கல் வேண்டும். படகு நிறுத்தும் இடம், வலைக் கொட்டகை எல்லாம் நகரும். கங்கையம்மன் கோயில் முன்படி நகராது.

அளவுகோல் அப்பாவின் கயிறு. கடல் ஆழத்தைப் பாகத்தில் சொல்வது வழக்கம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது, கதைக்கு அருமையாக உதவும். கலையரசி தன் கையால் பாகம் போட்டு அளந்தால் என்ன ஆகும்? பத்து வயசில் அவள் கைவிரிப்பு நாலரை அடிக்குப் பக்கம், பதினைந்தில் ஐந்தடிக்கு மேல். கரை ஓர் அங்குலம் அசையாவிட்டாலும் ஐந்து வருடத்தில் ஏழு பாகம் குறைந்ததாகக் கணக்கு காட்டும். பள்ளிக்கூடத்து வாத்தியார் இதைச் சுட்டிக்காட்டி "நீ வளந்துட்ட, கரை குறையல" என்று சிரிக்கலாம். அப்போது அவள் அப்பா முடிச்சுப் போட்டுக் கொடுத்த கயிற்றைக் காட்ட வேண்டும். பாகத்துக்கு ஒரு முடிச்சு, முதல் வருடத்திலிருந்து அதே கயிறு, அதே முடிச்சு. நைலான் கயிறு என்றே எழுதுங்கள். பழைய நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும்.

நோட்டில் வரும் எண்களை உங்களுக்காகப் போட்டுத் தருகிறேன். இவை கதைக்காக நான் அமைத்தவை, எந்தக் குப்பத்திலும் எடுத்த அளவு இல்லை. கல் கொட்டிய இடத்தை ஒட்டிய கரையில் நம்பத்தக்க வேகத்தில் இருக்கும்படி வைத்திருக்கிறேன்.

2007 புரட்டாசியில் படியிலிருந்து குப்பை வரி நாற்பது பாகம். தையில் முப்பத்தொன்று. ஒன்பது போயிற்று. அடுத்த புரட்டாசியில் முப்பத்தொன்பது. எட்டு திரும்பி வந்துவிட்டது, ஒன்று பாக்கி. யாரும் கவலைப்படும் கணக்கு இல்லை. 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறுகிறது. அந்தத் தையில் இருபத்தொன்பது, பத்து போயிருக்கிறது. 2009 புரட்டாசியில் முப்பத்தாறு. தையில் இருபத்தேழு. 2010 புரட்டாசியில் முப்பத்திரண்டு. தையில் இருபது. 2011 புரட்டாசியில் இருபத்தைந்து.

இந்த எண்களை அவள் முதலில் எல்லோரையும் போலத்தான் படிப்பாள். புயல் எடுத்தது ஒன்பது, பத்து, ஒன்பது, பன்னிரண்டு. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, கடைசி வருடம் மட்டும் கொஞ்சம் கூட. பிறகு ஒரு நாள் மற்ற கழித்தலைப் போடுகிறாள். திரும்பி வந்தது எட்டு, ஏழு, ஐந்து, ஐந்து. எடுப்பவன் எப்போதும்போல் எடுக்கிறான், கொடுப்பவன் கை சுருங்கிவிட்டது. கதையின் நடு முடிச்சு இது. இதற்கு முன் வாசகருக்கு எதையும் விளக்கிவிடாதீர்கள்.

ஏன் அப்படி என்பதற்கு, மணல் எங்கே போய் எங்கிருந்து திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். புயல் அலை செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து விழும். விழுந்த தண்ணீர் மணலுக்குள் ஊறி இறங்க நேரமில்லாமல் முழுசாகத் திரும்பி ஓடும்போது மணலை இழுத்துக்கொண்டு போகும். அந்த மணல் தொலைந்து போவதில்லை, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கடியில் திட்டாகப் படியும். கலையரசியின் அப்பாவுக்கு இந்தத் திட்டு நன்றாகத் தெரியும். தை மாதத்தில் அலை இரண்டு வரிசையாக உடையும், ஒன்று கரையில், ஒன்று வெளியே திட்டின் மேல். ஃபைபர் படகைத் தள்ளும்போது அந்த வெளிவரிசையைத் தாண்டுவதுதான் கஷ்டம். பிறகு மாசி, பங்குனியில் கடல் அடங்கி, தாழ்ந்த நீண்ட அலை வர ஆரம்பித்ததும் திட்டு மெல்லக் கரையை நோக்கி நகர்ந்து கடைசியில் கரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்பா சொல்வது இதைத்தான்: "போவும், வரும். எங்க தாத்தா காலத்துலருந்து பாத்துக்கினுதான இருக்கோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. திட்டிலிருந்து மணல் திரும்புவது இன்றும் நடக்கிறது. ஆனால் அதே வெயில் மாதங்களில்தான் தெற்கிலிருந்து வடக்கே மணல் நடக்கும் காலமும். முன்பு, கரையிலிருந்து வடக்கே எவ்வளவு போகிறதோ அவ்வளவு தெற்கிலிருந்து வந்து சேரும். இப்போது தெற்கே கல் நிற்கிறது. போவது போய்க்கொண்டே இருக்க, வருவது நின்றுவிட்டது. ஊர் பயப்படும் மார்கழியில் நஷ்டம் நடக்கவில்லை. வானம் தெளிந்து, கடல் பளபளவென்று கிடக்கும் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில், பிள்ளைகள் கரையில் கபடி விளையாடும்போது நடக்கிறது. புயல் மிச்சமிருந்த கையிருப்பைக் காட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

இதை அவள் கண்ணால் பார்க்க ஒரு வழி வேண்டும். கரைவலை இழுப்பதை வையுங்கள். பெரிய வலையைக் கடலில் வளைத்துப் போட்டு இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு அணியாக இழுப்பார்கள். நீரோட்டம் வலையைத் தள்ளும் பக்கத்துக்கே இழுப்பவர்களும் கரையோரமாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஆனியில் வடக்குப் பக்கம் நடப்பார்கள், கார்த்திகையில் தெற்குப் பக்கம். இழுக்க ஆரம்பித்த இடம் ஒன்று, வலை கரையேறும் இடம் இன்னொன்று. கயிற்றுக் கடைசியைச் சுருட்டும் வேலையில் நிற்கும் பெண்ணுக்கு, தண்ணீர் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கரை குறையக் குறைய இந்த வலைக்கே இடமில்லாமல் போவதையும் அப்படியே காட்டலாம். கரைவலைக்கு அகலமான கரை வேண்டும், கல் கொட்டிய இடத்தில் இழுக்க முடியாது.

அடுத்த காட்சி அத்தை வீடு. அப்பாவின் அக்காவை வீராம்பட்டினத்தில் கட்டிக்கொடுத்ததாக வையுங்கள். ஆடி மாதம் அந்த ஊரில் செங்கழுநீர் அம்மன் தேர் பெரிய திருவிழா, பெண் போவதற்குச் சாக்கு கிடைத்தது. துறைமுகத்துத் தெற்குச் சுவரை ஒட்டிய கரையில் அத்தை மகனோடு அவள் நடக்கிறாள்.

"இன்னாடா இது, கடல் எங்கடா?"

"தோ அங்க. எங்க சின்னப் புள்ள காலத்துல இங்கியே இருக்கும்னு அம்மா சொல்லும்."

அவள் காலில் சுடுமணல். மணலில் அடப்பங்கொடி படர்ந்திருக்கிறது, ராவணன் மீசை முள் குத்துகிறது. இந்த இரண்டு செடியும் அலை அடிக்கடி தொடும் இடத்தில் நிலைக்காது. கடல் பக்கமாக அவை புதிதாகப் படர்ந்துபோனால் கரை வளர்கிறது என்று அர்த்தம். அவள் ஊரில் அடப்பங்கொடியின் வேர் மணல் வெட்டின் விளிம்பில் காற்றில் தொங்குகிறது. தன் ஊர் மணல் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காட்சியில் அவளைப் பேச வைக்காதீர்கள். அத்தை கொடுத்த சோற்றைச் சாப்பிடும்போது கோபம் வரட்டும், யார் மேல் என்று தெரியாத கோபம்.

கரை நிஜமாகத் தேய்கிறது என்பதற்கு வேறு சில அடையாளங்களும் உண்டு, அங்கங்கே தூவிக்கொள்ளுங்கள். புயலுக்கு மறுநாள் கரையில் கருமணல் படலம் கிடக்கும். வெள்ளை மணலைவிட அது கனமானது, அலை லேசானதை அள்ளிக்கொண்டு கனத்ததை விட்டுப்போகும். இது ஒரு புயலின் அடையாளம் மட்டும், வெயிலில் மூடிப்போகும். மார்பளவு உயரத்துக்குக் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும் மணல் வெட்டு பங்குனி தாண்டியும் சரியாமல் நின்றால், அதுதான் கவலைப்பட வேண்டியது. தென்னையின் வேர்ப்பந்து வெளியே தெரிவது, கரையோரக் கிணறு உப்புக் கரிக்க ஆரம்பிப்பது, இரண்டும் தாமதமாக வரும் சாட்சிகள். ஏமாற்றும் சாட்சி ஒன்றும் இருக்கிறது. வாடைக் காலத்தில் மணல் தெற்கே நடப்பதால், கல்லின் வடபக்கத்து மூலையில் கொஞ்சம் சேர்ந்து நிற்கும். தையில் அதைக் காட்டி "பாரு, மணல் ஏறுது" என்று ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவர் சொல்லலாம். ஆனிக்குள் அது போய்விடும்.

2004 சுனாமியைத் தவிர்க்க முடியாது, ஊரில் எல்லோருடைய பேச்சிலும் அது இருக்கும். ஆனால் அதைக் காரணமாக்காதீர்கள். ஒரு காலைப் பொழுதில் வந்து போனது அது. கலையரசியின் கயிறு காட்டுவது வருடம் தவறாமல் நடக்கும் வேறொன்றை. பெரியவர்கள் "சுனாமிக்கப்புறம்தான் எல்லாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும், அவள் நோட்டு தொடங்குவதே மூன்று வருடம் கழித்து.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. கதையின் உச்சத்துக்கு இது தானாக வந்து உட்கார்கிறது. தை அமாவாசையில் அவள் அளக்கும்போது இருபத்தைந்து ஒன்பதாகிவிட்டது. பதினாறு பாகம். வலைக் கொட்டகை இல்லை, முதல் வரிசையில் இரண்டு வீட்டுக்குச் சுவர் மட்டும் நிற்கிறது. ஊரே தானேயைத் திட்டுகிறது. நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவர் எல்லாவற்றையும் புயல் சேதம் என்று எழுதுகிறார். அப்பாவும் அதையே சொல்கிறார். இப்போது அவள் நோட்டைத் திறக்க வேண்டும்.

"அப்பா, தானேக்கு முன்னாடியே பதினஞ்சு பாகம் போயிடுச்சிப்பா. புரட்டாசிக்குப் புரட்டாசி பாருங்க. நாப்பது. இருபத்தஞ்சி."

"அது எப்டிம்மா போவும்? அந்த மாசத்துல கடல் அடிக்கவேயில்லியே."

"அடிக்கல. வரல, அவ்ளோதான். அத்தை ஊர்ல நிக்குது."

அப்பா அந்த எண்களை ஒப்புக்கொள்ள நேரம் எடுக்கட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது என்ற பழைய வழிக்குப் போகாதீர்கள். நீரோட்டத்தையும் காற்றையும் அவளைவிட நூறு மடங்கு அறிந்தவர் அவர். நாற்பது பாகமாக இருந்த கரை தன் கண்முன் தேய்ந்தது தன் கண்ணில் படவில்லை என்பதுதான் அவர் சங்கடம். அடுத்த புரட்டாசியில் கயிற்றின் மறுமுனையை அவர் பிடிக்கிறார். பதினான்கு. ஒன்பதிலிருந்து ஐந்து திரும்பியிருக்கிறது. தானே போன்ற புயலுக்குப் பிறகும் அதே ஐந்துதான் வந்தது என்பதை அவரே சொல்லட்டும்.

முடிவைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கலெக்டர் வந்து பெண்ணின் நோட்டைப் பார்த்து வியக்கும் முடிவு வேண்டாம், ஊர் மூழ்கும் முடிவும் வேண்டாம். இந்தக் கரையில் நிஜமாக நடப்பது வேறு. ஊர் சாலை மறியல் செய்யும், மனு கொடுக்கும், கடைசியில் தூண்டில் வளைவு கேட்கும். கடலுக்குள் கருங்கல்லை நீட்டிப் போடும் அமைப்புக்கு நம் அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் இதுதான் பெயர். தூண்டில் வளைவு வரும். அதன் தென்பக்கத்தில் மணலும் சேரும், பொய் இல்லை. கலையரசியின் கயிற்றில் எண்கள் முதல்முறையாக ஏறும், பதினான்கு பதினெட்டாகும், இருபத்திரண்டாகும். அம்மாவுக்குக் கருவாடு போட இடம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், தெற்கிலிருந்து வருவது கூடவில்லை. இருப்பதை அவள் ஊர் பிடித்து வைத்துக்கொள்கிறது. வீராம்பட்டினம் அவளுக்கு எதுவோ, அது இனி வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்துக்கு அவள் ஊர். அந்த வடக்குக் குப்பத்தில் அவளுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தால் உங்களுக்கு வேறு கற்பனை எதுவும் தேவைப்படாது. அக்கா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில், "எங்க ஊர்ல இந்த வருஷம் கடல் ரொம்ப ஏறி வந்துடுச்சிடி" என்று பேச்சுவாக்கில் சொன்னால் போதும். கலையரசிக்குக் காரணம் தெரியும், வாசகருக்கும் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. சொல்வாளா மாட்டாளா என்பது உங்கள் விஷயம். என்னைக் கேட்டால் அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு அக்கா ஊருக்கு அளக்கப் போவதுவரை எழுதுவேன்.

கதையை 2018க்குப் பிறகும் கொண்டுபோக நினைத்தால் இன்னொரு விஷயம் உண்டு. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி நகரத்துக்கு எதிரே, தலைமைச் செயலகம் பக்கம், கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அலையின் வேகத்தை உடைத்து மணலைத் தங்க வைப்பது நோக்கம். நகரத்துக் கடற்கரையில் பல ஆண்டுகளுக்குப் பிறகு மணல் மறுபடி தெரிந்தது. வடக்குக் குப்பங்களின் பஞ்சம் அதனால் தீரவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது இந்தப் பக்கத்துக் கரையோர வீடுகள் கடலில் விழுந்தன. அதற்குள் கலையரசிக்கு இருபத்தைந்து வயசு. இவ்வளவையும் ஒரே சிறுகதையில் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2012 புரட்டாசியோடு நிறுத்தி, தூண்டில் வளைவைக் கடைசி ஒரு பக்கத்தில் வைத்தாலே கனம் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வேறு காரணத்துக்காக ஊரை மாற்ற நினைத்தால் மாதங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். குளச்சல் பக்கமோ கேரளத்துச் செல்லானமோ என்றால் கடல் கரையைத் தின்பது தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடியில். மணல் திரும்புவது ஐப்பசிக்கு மேல். அங்கே இருக்கும் பெண்ணுக்கு மார்கழி நல்ல மாதம். அவளுடைய கயிறும் இரண்டு அமாவாசையும் அப்படியே இருக்கலாம், ஆனால் முதல் அளவை வைகாசி அமாவாசைக்கும் இரண்டாவதை ஐப்பசி அமாவாசைக்கும் நகர்த்திக்கொள்ளுங்கள். ராமேசுவரம், பாம்பன் பக்கம் என்றால் தீவுக்கு வடகரை ஒரு கணக்கு, தென்கரை வேறு கணக்கு. அந்த இடத்தை நேரில் ஒரு வருடமாவது பார்க்காமல் எழுத வேண்டாம்.